யார் யாரோ ஓட்டிய பேட்டரி

சமையல் கேஸ் தீர்ந்தால் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிறைந்த சிலிண்டரை வாங்கிக்கொள்கிறோம். அது இதற்கு முன் யார் வீட்டில் இருந்தது, எத்தனை வருடப் பழசு என்று கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை. பழைய சிலிண்டரானாலும் புதிய சிலிண்டரானாலும் உள்ளே 14.2 கிலோதான். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியையும் இப்படியே கைமாற்றிக்கொள்ளலாமே என்ற யோசனை அங்கிருந்து ஒரு எட்டுத் தூரம்தான். ஆனால் அந்த ஓர் எட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. பேட்டரிக்கு வயதாக ஆக, அதற்குள் கொள்ளும் மின்சாரமே குறைந்துகொண்டு போகும். நேற்று வாங்கிய பேட்டரியும் மூன்று வருடம் ஊர் சுற்றிய பேட்டரியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி. இரண்டும் "100 சதவீதம்" என்றே காட்டும். ஒன்றில் 40 கிலோமீட்டர் போகலாம், இன்னொன்று முப்பதிலேயே மூச்சுவிடும்.

அப்படியென்றால் நூற்றுக்கணக்கான பேர் கைமாற்றி ஓட்டும் ஒரு பேட்டரியின் உடல்நிலையை யார், எப்படிக் கவனிக்கிறார்கள்?

முதலில் நிலையத்தைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் பங்கின் ஓரத்திலோ கடை வாசலிலோ அறை அறையாகப் பிரித்த இரும்பு அலமாரி நிற்கும். ஓட்டுநர் செயலியில் தன்னைப் பதிவு செய்துகொண்டு, தீர்ந்த பேட்டரியைக் காலி அறைக்குள் தள்ளுவார். அலமாரி அதன் எண்ணைப் படித்து, சார்ஜ் ஏறிய வேறொரு பேட்டரியின் கதவைத் திறந்துவிடும். ஓரிரு நிமிட வேலை. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சார்ஜர், காற்றுக்கு மின்விசிறி, பேட்டரியோடு பேசுவதற்கான தகவல் இணைப்பு ஆகியவை இருக்கும். பேட்டரிக்குள்ளும் ஒரு மின்னணுப் பலகை உண்டு. துறையில் இதை பி.எம்.எஸ். என்பார்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் ஆகியவற்றை அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கும்.

இந்த முறையைப் பெரிய அளவில் முதலில் முயன்றது கார்களில். இஸ்ரேலில் அதற்காகவே தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் 2013இல் திவாலானது. கார் பேட்டரி சில நூறு கிலோ எடை. அதைக் கழற்றி மாட்டத் தனி இயந்திரமே வேண்டும். இரு சக்கர வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹோரேஸ் லூக் தலைமையில் தைவானின் கோகோரோ நிறுவனம் 2015இல் விற்பனைக்கு விட்ட ஸ்கூட்டரின் பேட்டரி சுமார் 9 கிலோ, ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்று தைவான் நகரங்களில் அந்த அலமாரிகள் சர்வசாதாரணம். இந்தியாவில் 2020 ஆகஸ்டில், பேட்டரி இல்லாமலே மின்வண்டியை விற்கலாம், பதிவு செய்யலாம் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. வண்டி ஒருவருடையது, பேட்டரி இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டுக்கு அது வழி திறந்தது. சன் மொபிலிட்டி, பெங்களூரின் யூமா எனர்ஜி போன்றவை இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஹோண்டா 2024 கடைசியில் அறிமுகம் செய்த மின்சார ஆக்டிவா, ஒன்றரை யூனிட் கொள்ளும் இரண்டு மாற்று பேட்டரிகளோடு வந்தது.

இதில் மாற்றத்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் உணவு, பொருள் விநியோகம் செய்யும் ஓட்டுநர்கள்தான். வீட்டில் வண்டியை நிறுத்தி ராத்திரி முழுவதும் சார்ஜ் போட இடமும் இருக்காது, மதியம் மூன்று மணி நேரம் காத்திருக்க நேரமும் இருக்காது. ஆகவே ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு மூன்று பேட்டரிகள் மாற்றுவது வழக்கம். இந்தக் கணக்கில் ஒரு பேட்டரி ஒரு மாதத்தில் எத்தனை பேர் கைக்குப் போய்வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 417 என்று வைத்துக்கொள்ளலாம். பெருவிரலை விடச் சற்றுப் பெரிய உருளை செல்கள் 84 அதற்குள் இருக்கின்றன. ஆறு ஆறு செல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து ஒரு குழு, அப்படி 14 குழுக்களை வரிசையாகத் தொடுத்தால் 50 வோல்ட் கிடைக்கும். புதிதாக இருந்தபோது இதன் கொள்ளளவு 30 ஆம்பியர்-மணி. அதாவது 30 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரும். வோல்ட்டோடு பெருக்கினால் ஒன்றரை யூனிட்.

வயதாவது என்றால் இந்தப் பெட்டிக்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, கொள்ளளவு குறைகிறது. மின்னேற்றத்தைச் சுமந்து போகவேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு நாளும் செல்லின் உள்பூச்சில் சிக்கி வீணாகிறது. இரண்டு, அக மின்தடை கூடுகிறது. வெளியே வரும் மின்சாரத்தை உள்ளேயே மறிக்கும் தடை இது. முதலாவது மைலேஜைக் குறைக்கும். இரண்டாவது பிக்கப்பைக் கெடுக்கும். இவை இரண்டும் ஒன்றாகவே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும்.

கொள்ளளவை அளப்பது கேட்பதற்கு எளிது. 417 திரும்பி வரும்போது 20 சதவீதம் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது ஓய்வுக்குப் பிறகு செல்களின் மின்னழுத்தத்தை வைத்து அந்த 20 சதவீதம் கணிக்கப்படுகிறது. பிறகு சார்ஜர் நிரப்பத் தொடங்குகிறது. நிறைவதற்குள் 21 ஆம்பியர்-மணி உள்ளே போயிற்று. 80 சதவீத இடத்துக்கு 21 என்றால் முழுவதற்கும் 26 சொச்சம். புதிதில் இருந்த 30க்கு இது 88 சதவீதம். அதுதான் 417இன் உடல்நிலை மதிப்பெண்.

எல்லாம் சரி, அந்த 20 சதவீதம் சரியா? உண்மையில் மீதி 25 என்றால், 75 சதவீத இடத்துக்கு 21 போயிருக்கிறது. கணக்கு 28 ஆகிவிடும், மதிப்பெண் 93. ஐந்து சதவீதப் பிழை பரவாயில்லை என்று தோன்றலாம். இப்போது அதே பேட்டரியை ஓர் ஓட்டுநர் பாதியில், 60 சதவீதம் இருக்கும்போதே கொண்டுவந்து மாற்றுகிறார். மீதி 40 சதவீத இடத்துக்கு 10.5 ஆம்பியர்-மணி போகிறது. கணக்கு அதே 26 சொச்சம். ஆனால் இங்கே ஐந்து சதவீதம் தவறினால், 35 சதவீத இடத்துக்கு 10.5, ஆக முழுக் கொள்ளளவு 30. பேட்டரி புத்தம் புதுசு என்று மதிப்பெண் சொல்லும்! பாதியில் மாற்றும் பழக்கம் உள்ள ஊரில் இப்படி ஒற்றை அளவை நம்பினால், கிழட்டு பேட்டரிகள் எல்லாம் இளமை திரும்பிய மாதிரி பட்டியலில் நிற்கும்.

ஆகவே நன்றாக நடத்தப்படும் வலையமைப்பு ஒரு தடவை அளந்ததை மதிப்பெண்ணாக எழுதாது. நன்றாகத் தீர்ந்து வந்த நாளின் அளவுக்கு அதிக எடை, பாதியில் வந்த நாளுக்குக் குறைந்த எடை என்று வைத்துச் சில வாரங்களுக்குச் சராசரி பார்க்கும். பேட்டரி தேய்வது மாதக் கணக்கில் நடக்கும் காரியம். நேற்று 91, இன்று 86, நாளை 90 என்று எண் குதித்தால் குதிப்பது அளவைதான், பேட்டரி அல்ல. பேட்டரிக்குள் மின்னோட்டத்தை எண்ணும் உணரியிலும் சிறு கோளாறு வரும். 50 மில்லி ஆம்பியர் கூட்டிக் காட்டினாலே ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, அதாவது 4 சதவீதம், இல்லாத கணக்கு ஏறிவிடும். நிலையத்தின் சார்ஜரிலும் தனியாக ஓர் எண்ணி இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பேட்டரியின் கணக்கைத் திருத்த முடிகிறது. வீட்டில் சார்ஜ் போடும் வண்டிக்கு இப்படி இரண்டாவது சாட்சி பெரும்பாலும் கிடையாது.

அக மின்தடையை அளப்பது இன்னும் சுருக்கமான வேலை. சார்ஜர் சும்மா இருந்துவிட்டு திடீரென்று 10 ஆம்பியர் விட்டால், பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று எகிறும். 0.7 வோல்ட் எகிறினால் மின்தடை 70 மில்லி ஓம், 1 வோல்ட் எகிறினால் 100 மில்லி ஓம். முப்பது மில்லி ஓம் என்பது சின்ன எண்தான். அது சாலையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். மேம்பாலம் ஏறும்போது வண்டி 40 ஆம்பியர் கேட்கிறது. சார்ஜ் தாழ்ந்த நிலையில் பேட்டரி 46 வோல்ட்டில் இருக்கிறது. 42க்குக் கீழே போனால் செல்களைக் காப்பாற்ற பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துவிடும். 70 மில்லி ஓம் உள்ள பேட்டரியில் 2.8 வோல்ட் உள்ளேயே கரையும், வண்டி ஏறிவிடும். 100 மில்லி ஓம் என்றால் 4 வோல்ட் கரைந்து, சரியாக 42இல் வந்து நிற்கும். திரையில் இன்னும் சில சதவீதம் மீதி தெரியும்போதே வண்டி பாலத்தின் நடுவில் நின்றுபோவது இப்படித்தான். ஓட்டுநர் மீட்டர் பொய் சொல்கிறது என்பார். மீட்டர் பொய் சொல்லவில்லை. மின்சாரம் உள்ளே இருக்கிறது, அந்த வேகத்தில் வெளியே வர முடியவில்லை.

இதிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. சூடான பேட்டரியில் அக மின்தடை குறைவாகவே தெரியும். மே மாத மதியம் 42 டிகிரியில் வந்து சேரும் கிழட்டு பேட்டரி, காலை 25 டிகிரியில் அளந்த நல்ல பேட்டரிக்குச் சமமாக நிற்கும். வெப்பத்தைக் கணக்கில் கழிக்காமல் எடுத்த மின்தடை எண்ணுக்கு அர்த்தமே இல்லை. குளிர்காலத்தில் திடீரென்று எல்லா பேட்டரியும் சீக்கானதாகப் பட்டியல் காட்டினால், கழிக்க மறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதுவரை சொன்னது மெல்லத் தேயும் வயோதிகம். அதோடு, ஒரே நாளில் வரும் நோயும் உண்டு. அதைச் சொல்ல 417க்கே திரும்புவோம்.

ஓர் ஓட்டுநர் புகார் செய்கிறார். வழக்கமாக 38, 40 கிலோமீட்டர் போகும் வண்டி, இன்று காலை எடுத்த பேட்டரியில் 32இல் நின்றுவிட்டது. புகார் உண்மையா, பேட்டரிமேல் தப்பா, வண்டிமேல் தப்பா, அவர் ஓட்டிய விதத்தில் தப்பா? சொந்த பேட்டரி உள்ள வண்டியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கஷ்டம். ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே பேட்டரி. மூன்றும் ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கும். மாற்று முறையில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. இந்த ஓட்டுநர் பல பேட்டரிகளை ஓட்டியிருக்கிறார். இந்த பேட்டரி பல ஓட்டுநர்களிடம் போயிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாததால் யாரும் பொத்திப் பாதுகாக்காத பொருள் இது. ஆனால் பலர் கையில் புழங்குவதால்தான் இதன் உடல்நிலையை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் மிகச் சுவாரசியமான பகுதி இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, நிற்பதற்கு முன் பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்று. 32 கிலோமீட்டருக்கு அது 1,290 வாட்-மணி கொடுத்திருந்தால் கிலோமீட்டருக்கு 40 ஆகிறது. இதே ஆள் மற்ற பேட்டரிகளில் கிலோமீட்டருக்கு 30தான் செலவு செய்கிறார். அப்போது பேட்டரி தன் பங்கை ஒழுங்காகக் கொடுத்துவிட்டது. உரசும் பிரேக், காற்று இறங்கிய டயர், பின்னால் ஏற்றிய சுமை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே பதிவு வேறு. 417 கொடுத்தது 950 வாட்-மணி மட்டுமே. வகுத்தால் கிலோமீட்டருக்கு அதே 30. ஓட்டுநரும் வண்டியும் என்றும் போலவே இருந்திருக்கிறார்கள். புதிய பேட்டரி 1,300 கொடுக்கும் இடத்தில் இது 950 கொடுத்திருக்கிறது, 73 சதவீதம்.

சென்ற மாதம் வரை 88 இருந்ததே? முந்தைய பதிவுகளைத் திருப்பினால், இதற்கு முன் எடுத்த நான்கைந்து பேருக்கும் இதே கதை. அவர்கள் புகார் செய்யவில்லை, நேரத்தோடு வந்து மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கும் முன்னால் எடுத்தவர்களுக்கு 88க்கு ஏற்றபடி ஓடியிருக்கிறது. ஆக, ஒரு குறிப்பிட்ட நாளில் 88இலிருந்து 73க்கு ஒரே படியாக இறங்கியிருக்கிறது. வயோதிகம் படிக்கட்டு இறங்காது, சரிவில்தான் இறங்கும். ஒரே படியாக இறங்கினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

எது உடைந்தது என்பதற்கு 14 குழுக்களின் மின்னழுத்தமும் சாட்சி. சார்ஜ் நிறைந்திருக்கும்போது 14ம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. தீரத் தீர ஒன்பதாவது குழு மட்டும் மற்றவற்றை விட்டுத் தாழ்கிறது. கடைசியில் அது 3 வோல்ட்டைத் தொட்டதும் முழு பேட்டரியும் நிறுத்தப்படுகிறது, மற்ற 13 குழுக்களில் மின்சாரம் மீதி இருக்கும்போதே. திரும்பச் சார்ஜ் ஏறும்போது ஒன்பதாவது குழு வேகமாக ஏறி, மேலே போய் மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆறு செல்லில் ஒன்றின் பற்றவைப்பு விட்டுப்போய், ஐந்து செல்தான் வேலை செய்கிறது என்பதற்கு இது அச்சு அசலான அடையாளம். கணக்கும் ஒத்துப்போகிறது: 88இல் ஆறில் ஐந்து பங்கு, 73. குழிக்குழியான சாலையில் குலுங்கியதோ, மாற்றும்போது யாரோ தரையில் தொப்பென்று போட்டதோ, காரணம் எதுவாகவும் இருக்கலாம். இனி அந்த ஐந்து செல்களும் ஆறு பேர் சுமையைச் சுமப்பதால் அவை இன்னும் வேகமாகக் கெடும். 417ஐ வெளியே கொடுக்காமல் அறையிலேயே பூட்டிவைத்துவிட்டு, அடுத்த முறை வரும் தொழில்நுட்பர் எடுத்துப்போவதே சரி.

இதே மாதிரி தெரியும் இன்னொரு நோய் இதைவிட ஆபத்தானது. அதில் ஒரு குழு, பேட்டரி சும்மா அலமாரியில் இருக்கும்போதே மெல்ல இறங்கும். இரவு 14 குழுவும் சமமாக நிறைந்திருந்தன, காலையில் ஒன்று மட்டும் பல மில்லி வோல்ட் தாழ்ந்திருக்கிறது, மறுநாள் இன்னும் கொஞ்சம். வெளியே யாரும் மின்சாரம் எடுக்கவில்லை, ஆகவே செல்லுக்குள்ளேயே எங்கோ ஒரு நுண்ணிய கசிவுப் பாதை உருவாகியிருக்கிறது. அது முற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடாகி, தீப்பிடிக்கும் வரை போகலாம். மைலேஜில் இது கிட்டத்தட்டத் தெரியாது, அதனால் யாரும் புகார் செய்யவும் மாட்டார்கள். முன்னதில் வித்தியாசம் தீரும்போது தெரியும், நிறையும்போது மறையும். இதில் சும்மா இருக்கும்போது வளரும். பேட்டரி நிலையத்தில் சும்மா இருக்கும் சில மணி நேரம்தான் இதைப் பிடிக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம். பேட்டரிகளை அளவுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு, நிறைந்த உடனே தள்ளிவிடும் நெருக்கடியான நிலையங்களுக்கு அந்த ஓய்வுநேரமே கிடைப்பதில்லை. ஓட்டுநருக்கு வரிசை நீள்கிறது என்பதோடு இந்தக் கேடும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் 2022இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு, பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. விதி, தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் பேட்டரியைச் சோதிக்கும். இரண்டு வருடம் கழித்து அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத் தினசரிப் பதிவுதான் சொல்ல வேண்டும்.

ஓட்டுநரையும் பேட்டரியையும் பிரித்துப் பார்த்த அதே உத்தி, நிலையத்தின் தப்பையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேட்டரியின் இணைப்பு முள் ஒருமுறை சொருகி எடுக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கில் இது நடக்கும்போது முள்ளின் பூச்சு தேய்கிறது, தூசியும் மழை ஈரமும் சேர்கின்றன. தொடும் இடத்தில் 30 மில்லி ஓம் தடை வந்துவிட்டால் 10 ஆம்பியருக்கு 3 வாட் சூடு அந்தச் சின்ன முள்ளிலேயே விழும், பிளாஸ்டிக் பழுக்கும். சார்ஜர் தன் முனையில் காணும் மின்னழுத்தத்துக்கும் பேட்டரி தனக்குள் காணும் மின்னழுத்தத்துக்கும் இடைவெளி கூடினால் இதுதான் காரணம். தேய்ந்தது பேட்டரியின் முள்ளா, அறையின் முள்ளா? பேட்டரி அடுத்த ஊர் அலமாரிக்குப் போனபோதும் அந்த இடைவெளி கூடவே போனால் பேட்டரி. அந்த அறைக்குள் எந்த பேட்டரி வந்தாலும் இடைவெளி இருந்தால் அறை. ஒரே ஒரு கெட்ட அறை, மாதம் முழுக்க வந்துபோகும் நல்ல பேட்டரிகளை எல்லாம் சூடாக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். தனித்தனி பேட்டரியை மட்டும் பார்ப்பவருக்குத் திடீரென்று ஊரில் பல பேட்டரிகளுக்கு உடம்பு சரியில்லை என்றே தெரியும்.

சரி, உடல்நிலை தெரிந்தபின் என்ன செய்கிறார்கள்? பூட்டிவைப்பது கடைசி நடவடிக்கை. அதற்கு முன் செய்ய வேண்டியது தேய்மானத்தை மட்டுப்படுத்துவது. லித்தியம் செல்கள் முழுசாக நிறைந்து, சூடாக, சும்மா இருக்கும்போதுதான் வேகமாக மூப்படைகின்றன. கடைக்காரர் மனசுக்கு எல்லா அறையும் பச்சை விளக்கில் தயாராக இருப்பது திருப்தி. பேட்டரிக்கு அது கெடுதல். விவரமான நிலையம், கூட்டம் வராத மதிய நேரத்தில் பேட்டரிகளை 80, 90 சதவீதத்தில் நிறுத்திவைத்து, மாலை நெரிசலுக்குச் சற்று முன் நிரப்பும். வெயிலில் ஓடி 48 டிகிரியில் வந்த பேட்டரிக்கு உடனே சார்ஜ் ஏற்றாது. இவ்வகைச் செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற வழக்கமான மேல்வரம்பு 45 டிகிரி. டெல்லியிலோ வேலூரிலோ மே மாதம் இந்தக் காத்திருப்பே கணிசமான நேரம். நிழலும் காற்றும் இல்லாத இடத்தில் அலமாரியை வைத்தவர், இடவாடகையில் மிச்சம் பிடித்ததைப் பேட்டரியில் இழப்பார்.

கொள்ளளவு 80ஐத் தொட்டு, இறங்கி 70ஐ நெருங்கும்போது பொதுவாக வண்டி வேலையிலிருந்து பேட்டரிக்கு ஓய்வு. ஆனால் இந்த எல்லைக்கோடு வேதியியலில் பாதி, வியாபாரத்தில் பாதி. எல்லையை ஐந்து சதவீதம் தளர்த்தினால் ஆயிரக்கணக்கான பேட்டரிகளுக்கு இன்னும் சில மாத வருமானம் கிடைக்கும். அந்தச் சில மாதமும் சாலையில் நிற்பவர் நிறுவனத்தின் முதலாளி அல்ல.

இங்கேதான் கட்டண முறை உடல்நிலையோடு வந்து மோதுகிறது. ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், 73 சதவீத பேட்டரி வாங்கியவரும் 98 சதவீத பேட்டரி வாங்கியவரும் ஒரே காசுதான் கொடுக்கிறார்கள். பேட்டரி தேயத் தேய மாற்றங்களின் எண்ணிக்கை கூடும், நிறுவனத்துக்கு வருமானமும் கூடும்! இந்தத் தலைகீழ் கணக்கைத் தவிர்க்கத்தான் கோகோரோ தைவானில் எடுத்த ஆம்பியர்-மணிக்கு ஏற்ற திட்டங்களைக் கொண்டுவந்தது. ஹோண்டாவின் இந்தியத் திட்டங்களும் யூனிட் கணக்கில்தான். எடுத்த மின்சாரத்துக்குக் காசு என்பது நியாயம்தான். ஆனாலும் முழுசாகத் தீராது. விநியோக ஓட்டுநருக்கு நாளுக்கு ஒரு மாற்றம் கூடினால், நிலையத்துக்குப் போய்வரும் கால் மணியோ அரை மணியோ எந்தப் பில்லிலும் வராது. அது ஒன்றிரண்டு ஆர்டர்களின் காசு. பில்லில் பேட்டரி எண்ணோடு அதன் உடல்நிலை மதிப்பெண்ணையும் அச்சிட்டால்தான் இந்த விஷயம் பேச்சுக்கே வரும். நிறுவனத்திடம் அந்த எண் இருக்கிறது, ஓட்டுநரிடம் இல்லை.

பதிவுகளை ஏமாற்றவும் வழிகள் உண்டு. சிலர் வெளிச் சந்தையில் ஒரு சார்ஜர் வாங்கி மாற்று பேட்டரியை வீட்டில் நிரப்பிக்கொள்வார்கள். மாற்றப் போகும் தடவை குறையும், காசு மிச்சம். ஆனால் செல்களுக்குப் பொருந்தாத சார்ஜர் அவற்றைக் கெடுக்கும், வீட்டுக்கும் ஆபத்து. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, மாற்று பேட்டரிகளுக்காக வலியுறுத்திவந்த பூட்டிய பேட்டரி என்ற யோசனை இதற்குத்தான்: அங்கீகரித்த வண்டியிலும் அங்கீகரித்த சார்ஜரிலும் தவிர வேறெங்கும் அந்த பேட்டரி வேலை செய்யாது. பூட்டை உடைத்தாலும் கணக்கு காட்டிக்கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் சொற்ப மின்சாரம் போக, நிலையம் அறியாமல் பேட்டரிக்குள் எதுவும் ஏற வழியில்லை. 40 கிலோமீட்டர் ஓடிய பேட்டரி 70 சதவீதத்தோடு திரும்பி வந்தால் எங்கோ ஊட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு ஓட்டை பணிமனையிலேயே இருக்கிறது. பேட்டரியின் எண்ணும் இதுவரை எத்தனை சுற்று ஓடியது என்ற கணக்கும் பெரும்பாலும் அந்த மின்னணுப் பலகையில்தான் பதிந்திருக்கும். பலகை பழுதாகிப் புதிது போட்டால், பழைய செல்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும் புதிய பேட்டரியாகப் பிறவி எடுக்கும். பெட்டியின் எண்ணையும் செல்களின் வரலாற்றையும் பலகையிலிருந்து பிரித்து நிறுவனத்தின் கணினியில் வைத்தால்தான் இது தப்பும். நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் வெளியிட்ட பேட்டரி மாற்றுக் கொள்கை வரைவில், ஒவ்வொரு மாற்று பேட்டரிக்கும் தயாரிக்கும்போதே ஒரு தனித்த அடையாள எண் தர வேண்டும் என்ற யோசனை இருந்தது. ஒரே பேட்டரி பல நிறுவனங்களின் வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதும் அதே வரைவில் இருந்தது. உற்பத்தியாளர்கள் அதிகம் முரண்டு பிடித்தது பொருத்தத்தில். முள்ளின் வடிவம், பெட்டியின் அளவு, யாருடைய காப்புரிமை என்று.

பெட்டி பொருந்திவிட்டால் மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் அலமாரிக்குள் போகிறது என்றால், அதன் கடைசி நல்ல கொள்ளளவு அளவு, வெப்பம் கழித்த அக மின்தடை, 14 குழுக்களில் எது தளர்கிறது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் 417ஐ ஒருவர் பூட்டிவைத்திருப்பார், அடுத்த தெருவில் இன்னொருவரின் அலமாரி அதற்குப் பச்சை விளக்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். தன் பேட்டரிகளில் எத்தனை 73இல் இருக்கின்றன என்பதைப் போட்டியாளரிடம் காட்ட இன்றைக்கு எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது.